இன்றைய வலி, மூன்று வாரத்துக்கு முன் போட்ட ஓவர்

கேள்வி: சார், எனக்கு வயது 17. வலது கை வேகப்பந்து வீச்சாளர். பிளஸ் டூ பரீட்சைக்காக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பந்தைத் தொடவில்லை. ஏப்ரலில் சம்மர் கேம்ப் சேர்ந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை நெட்டில் தினமும் ஒரு மணி நேரம் போடுகிறேன். சனி, ஞாயிறு டென்னிஸ் பால் டோர்னமெண்ட். இது ஐந்தாவது வாரம். பத்து நாளாக அடிமுதுகில் இடது பக்கம் வலிக்கிறது. வலது தோள்பட்டையும் பின்பக்கம் பிடிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். கோச், "கோர் வீக்கா இருக்கு, தினமும் 100 சிட்-அப், 50 சூப்பர்மேன் போடு" என்கிறார். ஜூனில் மாவட்ட அணித் தேர்வு. அதற்குள் சரியாக என்ன எக்ஸர்சைஸ் செய்யலாம்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: தம்பி, எக்ஸர்சைஸ் அப்புறம். முதலில் பந்து போடுவதை இன்றோடு நிறுத்து. சூப்பர்மேனையும் நிறுத்து. குப்புறப் படுத்து நெஞ்சையும் காலையும் தூக்குகிற அந்தப் பயிற்சி மற்றவர்களுக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் உன் முதுகில் எந்த இடம் அடிவாங்கியிருக்கும் என்று நான் சந்தேகப்படுகிறேனோ, அதே இடத்தை அது ஒரு நாளைக்கு 50 தடவை நசுக்குகிறது.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது 'இடது பக்கம்' என்ற இரண்டு வார்த்தை. வலது கையால் போடுகிறவனுக்கு இடது பக்கம், இடது கையால் போடுகிறவனுக்கு வலது பக்கம். வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகெலும்பு விரிசல் பெரும்பாலும் இப்படி எதிர்ப்பக்கத்தில்தான் விழும். காரணம் உன் கடைசி அடியில் இருக்கிறது. முன்கால் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில் உன் உடல் எடையைப் போல ஐந்து மடங்கோ அதற்கும் மேலோ விசை காலில் ஏறுகிறது. நீ 60 கிலோ என்றால் 300 கிலோவுக்கு மேல். அதே கணத்தில் உன் உடம்பு இடது பக்கம் சாய்ந்து, கொஞ்சம் பின்னால் வளைந்து, முறுகவும் செய்கிறது. அடிமுதுகு எலும்பு ஒவ்வொன்றின் பின்புறமும் இரண்டு பக்கமும் மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. பார்ஸ் என்று சொல்வோம். சாய்வு, வளைவு, முறுக்கு மூன்றும் சேர்ந்து இடது பக்கப் பாலத்தைத்தான் பிடித்து நெருக்குகின்றன. அடியில் இருக்கும் கடைசி இரண்டு மூன்று எலும்புகளில் இது அதிகம்.

இது தசைவலியாகவும் இருக்கலாம், கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் குணம் வேறு. தசைவலி பெரும்பாலும் பட்டையாகப் பரவி இருக்கும், இரண்டு பக்கமும் இருக்கும், வார்ம்-அப் செய்தால் இளகும், மூன்று நான்கு நாளில் போய்விடும். எலும்பு வலியை ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம். பந்து போடப் போட ஏறும். இரண்டு நாள் ஓய்வெடுத்தால் காணாமல் போகும், மூன்றாம் நாள் நாலாவது ஓவரில் அதே புள்ளிக்கு வந்து நிற்கும். அந்தக் காணாமல் போவதை நம்பித்தான் பையன்கள் மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பார்கள். டைக்ளோ மாத்திரை போட்டுக்கொண்டு பைனல் ஆடுவது அதைவிட மோசம். வலி ஒன்றுதான் உனக்கு எச்சரிக்கை சொல்கிறது, அதன் வாயையும் அடைத்துவிடுகிறாய்.

எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதி அடையாதே. ஆரம்ப நிலையில் எலும்புக்குள் நீர் கோத்த மாதிரி ஒரு வீக்கம்தான் இருக்கும், கோடு விழுந்திருக்காது. எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது. எம்ஆர்ஐ வேண்டும். அதையும் சும்மா 'முதுகுவலி' என்று எழுதி அனுப்பினால் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு நார்மல் என்று கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. 'வேகப்பந்து வீச்சாளர், இடது பார்ஸ் ஸ்ட்ரெஸ் இஞ்சுரி சந்தேகம், ஸ்டிர் படங்களும் தேவை' என்று டாக்டரிடம் கேட்டு சீட்டில் எழுதி வாங்கிக்கொள். ஸ்டிர் என்பது கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு வீக்கத்தை மட்டும் பளிச்சென்று காட்டும் முறை. வலி காலில் இறங்கி மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ எதற்கும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

சரி, இது ஏன் வந்தது? கோர் வீக்காக இருந்ததால் என்று கோச் சொல்கிறார். நான் உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நெட்டில் ஒரு மணி நேரம் என்றால் குறைந்தது 60 பந்து. ஐந்து நாளைக்கு 300. டோர்னமெண்டில் மேட்சுக்கு இரண்டு ஓவர், இரண்டு நாளில் நான்கு மேட்ச் என்று வைத்தால் இன்னொரு 48. ஆக வாரத்துக்கு 348 பந்து, வார்ம்-அப் பந்து சேர்க்காமல். அதற்கு முந்தைய எட்டு வாரத்தில் நீ போட்டது சுழியம். டென்னிஸ் பால்தானே என்று அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கையில் இருக்கும் பந்து இலேசாக இருக்கலாம், முன்கால் இறங்குகிற இறக்கம் அதேதான். போதாக்குறைக்கு நம் ஊரில் பாதி நெட் சிமெண்ட் தரையில் மேட் விரித்தது.

எலும்பு ஒரு விசித்திரமான வேலைக்காரன். புதிய பாரம் வந்தால் உடனே சிமெண்ட் பூசிப் பலப்படுத்தாது. முதலில் பழையதைச் சுரண்டி எடுக்கும், பிறகுதான் புதியதைக் கட்டும். சுரண்டும் வேலை சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டும் வேலைக்கு மாதங்கள் ஆகும். அதனால் பாரம் திடீரென்று ஏறிய மூன்று நான்கு வாரத்தில் எலும்பு முன்பு இருந்ததைவிட மெலிந்து நிற்கிற ஒரு காலம் வரும். ஆஸ்திரேலியாவில் முதல்தரப் போட்டி வீச்சாளர்களைப் பின்தொடர்ந்தவர்களும் இதையே கண்டார்கள்: ஒரே மேட்சில் 50 ஓவருக்கு மேல் போட்டவர்களுக்குக் காயம் அந்த மேட்சில் வரவில்லை, அடுத்த மூன்று நான்கு வாரத்தில் கூடியது. ஏப்ரல் முதல் வாரம் தொடங்கினாய், மாதக் கடைசியில் வலி வந்தது. நேற்று என்ன செய்தோம் என்று யோசித்தால் உனக்குக் காரணம் கிடைக்காது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. அடிமுதுகு எலும்பு இருபதுகளின் நடுவரை முற்றிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் தன் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 18. அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் போன காலத்தில் பெரும்பகுதியை முதுகு எலும்பு விரிசல்கள்தான் தின்றன. உலகத்தரமான டாக்டரும் டிரெய்னரும் பக்கத்தில் இருந்தும் அப்படி.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் உன் வயதுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு ஸ்பெல்லுக்கு 7 ஓவர், ஒரு நாளைக்கு 18 ஓவர், ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் போடக்கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போடக்கூடாது. உன் ஒரு நாள் ஓவர் எண்ணிக்கை இந்த 18க்குள் சுலபமாக அடங்குகிறது. ஆனால் நீ ஏழு நாளும் போட்டிருக்கிறாய். தவறு அங்கே, அதோடு சுழியத்திலிருந்து குதித்ததில்.

அந்தக் குதிப்பை அளக்க ஒரு எளிய விகிதம் உண்டு. இந்த வாரப் பந்துகளை, இந்த வாரத்தையும் சேர்த்து நான்கு வாரச் சராசரியால் வகு. 1.3 பக்கம் இருந்தால் பரவாயில்லை, 1.5 தாண்டினால் எச்சரிக்கை. உனக்கு ஏப்ரல் முதல் வாரம்: 348ஐ 87ஆல் வகுத்தால் 4. இந்தக் கணக்கில் அதற்கு மேல் போகவே முடியாது. ஆனால் இதன் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். சுழியத்திலிருந்து தொடங்குகிறவன் வாரத்தில் 24 பந்து போட்டாலும் 4தான் வரும். ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் மாதம் விகிதத்தை மறந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்.

இதைவிட நல்ல வழி இடைவெளியே விடாதது. பரீட்சை நேரத்திலும் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 24 பந்து, ஒற்றை ஸ்டம்ப் வைத்துத் தனியாகப் போட்டிருந்தால் அரை மணி நேரம்தான் போயிருக்கும். வாரத்துக்கு 48 பந்து எலும்பை விழிப்பாக வைத்திருக்கும். அங்கிருந்து ஏப்ரலில் வாரத்துக்கு 72க்குப் போயிருந்தால் விகிதம் 1.33. 'ஃபிட்னஸ்' என்று சொல்லி இரண்டு மாதம் மைதானத்தைச் சுற்றி ஓடுவதில் மூச்சு கூடும், ஆனால் இடது பார்ஸுக்கு அது எதையும் கற்றுக்கொடுக்காது. வேகப்பந்து வீச்சுக்கு எலும்பைத் தயார்செய்வது முக்கியமாக வேகப்பந்து வீச்சுதான், அளவாகக் கொடுத்தால்.

இனி உன் வழி. எம்ஆர்ஐயில் வீக்கம் மட்டும் என்றாலும் பந்து வீச்சுக்கு இரண்டு மூன்று மாத ஓய்வு ஆகலாம். கோடு விழுந்திருந்தால் நாலு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். எப்போது திரும்புவது என்பதை டாக்டர் சொல்லட்டும். எலும்பு சுத்தம், வெறும் தசை என்று வந்தாலும், வலி முழுதாகப் போனபிறகு இப்படித் தொடங்கு. முதல் வாரம் மூன்று நாள், நாளுக்கு 24 பந்து, முக்கால் வேகத்தில், நடுவில் குறைந்தது ஒரு நாள் விட்டு. இரண்டாம் வாரம் நாளுக்கு 30, மூன்றாம் வாரம் 36. நான்காம் வாரம் ஏறாதே, திரும்ப 24க்கு இறங்கு. எலும்பு கட்டிக்கொள்ள அந்த இறக்கம் வேண்டும், பையன்கள் தாண்டிக் குதிப்பதும் இந்த வாரத்தைத்தான். ஐந்தாம் வாரம் 40, ஆறாம் வாரம் நான்கு நாளாக்கி 36. அப்போது வாரத்துக்கு 144 பந்து வரும், விகிதம் 1.3 அளவில் நிற்கும். முழு வேகம் ஐந்தாம் வாரத்துக்குப் பிறகுதான். எந்தப் படியிலாவது அந்த ஒரு விரல் புள்ளி திரும்ப வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. முந்தைய படிக்கு நீயாக இறங்கிச் சமாளிக்கப் பார்க்காதே.

எண்ணுவதற்கு ஆப் எதுவும் வேண்டாம். என்னிடம் வருகிற பையன்களில் ஒருவன் 24 புளியங்கொட்டையை ஒரு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை எடுத்து அடுத்த பாக்கெட்டுக்கு மாற்றுவான். கோச் "இன்னும் ஒரே ஒரு ஓவர்" என்று கேட்டால் காலிப் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டுவான்.

இனி நீ கேட்ட எக்ஸர்சைஸ். வயிற்றை மடக்கி எழுகிற சிட்-அப்புக்கும் உன் பந்து வீச்சுக்கும் பெரிய சம்பந்தமில்லை. உனக்கு வேண்டியது, முன்கால் இறங்கும்போது உடம்பு இடது பக்கம் ஒரேயடியாகச் சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்துகிற பலம். வளைக்கிற பயிற்சிக்கு இங்கே வேலையில்லை, வளையவிடாமல் தாங்குகிற பயிற்சிதான் தேவை. டாக்டர் அனுமதித்ததும் சைட் பிளாங்கில் தொடங்கு. முழங்கையில் ஊன்றி, காது, இடுப்பு, கணுக்கால் ஒரே கோட்டில். பக்கத்துக்கு 20 நொடி, நான்கு தடவை. ஒரு பக்கம் 60 நொடி நிற்கிறாய், மறுபக்கம் 40இல் இடுப்பு தொய்கிறது என்றால் வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது எனக்குப் பிடித்த பயிற்சி. வலது கையில் தண்ணீர் நிறைந்த 10 லிட்டர் பக்கெட், இடது கை காலி. 20 மீட்டர் நிமிர்ந்து நட. பக்கெட் உன்னை வலது பக்கம் இழுக்கும், இடது இடுப்புத் தசை அதை எதிர்த்து நிற்கும். தண்ணீர் தளும்பினால் நீ ஆடுகிறாய் என்று அர்த்தம். கை மாற்றித் திரும்பி வா. நான்கு நடை போதும். ஜிம்மில் இதற்கு சூட்கேஸ் கேரி என்று பெயர், நம் வீட்டுப் பெண்கள் குழாயடியில் தினமும் செய்துகொண்டிருந்தது.

கால் பலமில்லாவிட்டால் விசை நேராக முதுகுக்கு ஏறும். அதனால் ஒற்றைக்கால் வேலைக்கு முதலிடம் கொடு: பின்காலைத் திண்ணையில் வைத்துச் செய்யும் ஸ்பிலிட் ஸ்குவாட், மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பைத் தூக்கும் ஒற்றைக்கால் பிரிட்ஜ். வாரத்துக்கு இரண்டு நாள், எட்டு எட்டாக மூன்று செட். இவை சுலபமான பிறகு, இரண்டு செங்கல் உயரத்திலிருந்து இடது காலில் இறங்கி, முட்டி உள்பக்கம் விழாமல், இரண்டு நொடி சிலை மாதிரி நில். உன் கடைசி அடியின் ஒத்திகை அது. உடம்பு முறுகும் ஆக்ஷன் உனக்கு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பின்கால் இறங்கும்போது இடுப்பு பக்கவாட்டில் இருக்க, தோள் மட்டும் பேட்ஸ்மேனைப் பார்த்தபடி இருந்து, பிறகு தோள் மறுபடி பக்கவாட்டுக்குத் திரும்பினால் அது ஆபத்தான கலப்பு ஆக்ஷன். போனில் ஸ்லோ மோஷனில் பின்னாலிருந்து எடுத்தால் தெரியும். ஆனால் அதைத் திருத்துவது ஓய்வுக்குப் பிறகு, கோச்சுடன், நிதானமாக.

இதில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி நல்ல உதாரணம். 1973இல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் அடிமுதுகு எலும்பில் விரிசல், ஆறு வாரம் உடம்பில் மாவுக்கட்டு. அதோடு முடிந்தார் என்றார்கள். பெர்த்தில் பல்கலைக்கழக உடற்பயிற்சி நிபுணர் ஃபிராங்க் பைக் போட்டுக்கொடுத்த திட்டத்தின்படி பலத்தை ஏற்றி, ஆக்ஷனையும் மாற்றி, 1974-75 ஆஷஸுக்குத் திரும்பினார். சென்னையில் 1987இல் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது நம் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தது அதே மனிதர்தான்.

தோள்பட்டைக்கு வருகிறேன். பந்தைக் கையிலிருந்து விட்ட பிறகும் கை அதே வேகத்தில் ஓடும். அதற்கு பிரேக் போடுவது தோளின் பின்பக்கம் இருக்கும் சின்னத் தசைகள். நீ சொல்லும் பின்பக்கப் பிடிப்பு பெரும்பாலும் அந்தப் பிரேக் தேய்ந்த சத்தம். அதில் பாதிப் பழி பந்து வீச்சுக்கு இல்லை, எறிதலுக்கு. இரண்டு ஓவர் போட்டுவிட்டு எல்லைக் கோட்டில் நிற்பாய், கை ஆறிப்போயிருக்கும், திடீரென்று 50 மீட்டர் எறிவாய். இனி எல்லையில் நிற்கிற நாளில் ஓவருக்கு நடுவில் கையைச் சூடாக வைத்துக்கொள், ஃபீல்டிங் பயிற்சியின் முழு எறிதல்களையும் நோட்டில் குறி. பந்து போடாத நாளில் 60 தடவை எறிந்தால் தோளுக்கு அது ஓய்வு நாள் இல்லை.

பயிற்சி ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஒழுங்காகச் செய். இடது பக்கம் ஒருக்களித்துப் படு. வலது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வை, நடுவில் மடித்த துண்டு. கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். முன்கையை மேலே தூக்கி, மூன்று நொடி எண்ணிக்கொண்டே மெதுவாக இறக்கு. இறக்குவதில்தான் பிரேக் பலப்படும், தூக்குவதில் அவசரம் வேண்டாம். 12 தடவை, மூன்று செட், வாரத்துக்கு மூன்று நாள். வலியில்லாமல் சுலபமானால் ஒரு லிட்டர். அதோடு, நீ தண்டால் எடுக்கிற ஒவ்வொரு செட்டுக்கும் ரப்பர் பேண்டை இழுக்கிற இரண்டு செட் சேர். நம் பையன்கள் நெஞ்சை வளர்ப்பார்கள், முதுகுப் பக்கம் கண்ணாடியில் தெரிவதில்லை என்பதால் விட்டுவிடுவார்கள். மூன்று வாரத்தில் பிடிப்பு குறையாவிட்டாலோ, கையைத் தூக்கும்போது பலமே இல்லாத மாதிரி இருந்தாலோ தோளையும் டாக்டரிடம் காட்டு.

ஜூன் தேர்வைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எம்ஆர்ஐ சுத்தமாக வந்தால்கூட மேலே சொன்ன ஆறு வாரம் ஜூன் நடுவைத் தாண்டும். ஆகவே இந்த முறை பந்து வீச்சாளராகப் போகாதே. தேர்வாளரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, எப்போது திரும்புவாய் என்ற தேதியையும் சொல்லிவிட்டு வா. கோச்சிடம் இந்தப் பதிலை நேராக நீட்டாதே, அவருக்குக் கோபம் வரும். ஏப்ரல் முதல் போட்ட பந்துகளை வாரவாரியாக ஒரு தாளில் எழுதிக் காட்டு, 348 என்ற எண்ணை அவரே பார்க்கட்டும். எம்ஆர்ஐ எடுத்ததும் எழுத்து ரிப்போர்ட்டோடு படங்கள் இருக்கும் சிடியையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு.